அடுத்தடுத்த இரண்டு ஃபிளிப்-ஃபிளொப்பில் சமிக்ஞை ஏன் இரண்டு குளொக் சுற்றுத் தாமதிக்கிறது: வேலை பழகுபவரின் கேள்விகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பு, கல்லடியிலுள்ள எங்கள் திருத்தகத்துக்கு அம்பாறைப் பக்கத்து அரிசி ஆலைகளின் கட்டுப்பாட்டுப் பலகைகள் அடிக்கடி வருகின்றன. அவற்றுள் ஒன்றைத் திறந்து வைத்து, சென்சர் வயர் வந்து சேரும் இடத்திலிருந்து செப்புத் தடத்தைத் தொடர்ந்து பார்க்கும்படி வேலை பழகும் தம்பியிடம் சொல்லியிருந்தேன். சமிக்ஞை, குளொக் ஏறும் கணத்தில் உள்ளீட்டைப் பிடித்து வைக்கும் டி ஃபிளிப்-ஃபிளொப் இரண்டைக் கொண்ட 74HC74 என்ற ஐ.சி.யின் 2ஆம் காலில் நுழைகிறது, 5ஆம் காலால் வெளியே வந்து அதே ஐ.சி.யின் 12ஆம் காலுக்குள் மறுபடியும் போகிறது, இறுதியில் 9ஆம் காலால் வெளியேறுகிறது என்று அவர் சரியாகக் கண்டுபிடித்தார். குளொக் கால்களான 3உம் 11உம் ஒரே தடத்தில் இணைந்திருந்தன. “ரெண்டும் ஒரே வேலையைத்தானே செய்யுது அண்ணா, ஒன்றோட நிற்பாட்டினால் என்ன?” என்பதே அவருடைய முதற் கேள்வி. அதற்கு விடை சொல்வதற்கு முன்னர், இரண்டு சேர்ந்தால் ஏன் இரண்டு சுற்றுத் தாமதம் உண்டாகிறது என்பதை அவர் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. அவர் கேட்ட ஒழுங்கிலேயே இங்கே எழுதுகிறேன்.

முதலில் கண்ணுக்குத் தெரியும் வேகத்தில் சுற்றை அமைத்தல்

உண்மையான பலகையில் குளொக் செக்கனுக்கு இலட்சக்கணக்கான தடவை அடிப்பதால், அங்கே நடப்பதை வெறுங்கண்ணால் பின்தொடர முடியாது. ஆகவே செக்கனுக்கு ஒரு தடவை அடிக்கும் குளொக்கைச் செய்து, அதே இணைப்பை பிரெட்போட்டில் போடுவோம். 74HC74இன் 14ஆம் காலுக்கு 5 வோல்ட், 7ஆம் காலுக்கு நிலம். அவ்விரு கால்களுக்கும் இடையில், ஐ.சி.க்கு மிக அருகில், 0.1 மைக்ரோ பரட் கொள்ளளவி ஒன்றை வைக்கவும். 1, 4, 10, 13 ஆகிய கால்கள் அழித்தலுக்கும் முன்னமைத்தலுக்கும் உரியவை. அவை தாழ்நிலையில் வேலை செய்வதால் நான்கையும் 5 வோல்ட்டுடன் கட்டிவிட வேண்டும். அவற்றை வெறுமனே தொங்கவிட்டால், கையை அருகில் கொண்டு போனாலே விளக்குகள் மாறும். பிழை எங்கே என்று தேடி நேரம் வீணாகும்.

2ஆம் காலை 10 கிலோ ஓம் தடையி ஒன்றினூடாக நிலத்துடன் இணைத்து, அதே காலிலிருந்து 5 வோல்ட்டுக்கு ஒரு அழுத்து ஆளியைப் போடவும். 5ஆம் காலை 12ஆம் காலுடன் இணைக்கவும். 5ஆம் காலிலிருந்தும் 9ஆம் காலிலிருந்தும் தனித்தனியே 1 கிலோ ஓம் தடையியும் சிவப்பு எல்.ஈ.டி.யும் நிலத்துக்குச் செல்லட்டும். இனிமேல் ஆளியின் நிலையை D என்றும், 5ஆம் காலை Q1 என்றும், 9ஆம் காலை Q2 என்றும் குறிப்பிடுகிறேன்.

குளொக்குக்கு 7555 ஐ.சி.யைப் பயன்படுத்துங்கள். 10 கிலோ ஓம், 68 கிலோ ஓம், 10 மைக்ரோ பரட் ஆகியவற்றைக் கொண்டு வழக்கமான அலையியாக அமைத்தால் ஒரு சுற்று ஏறத்தாழ ஒரு செக்கனாக வரும். கடைகளில் இலகுவாகக் கிடைக்கும் பழைய NE555ஐ இங்கே நான் விரும்புவதில்லை. அது 5 வோல்ட்டில் இயங்கும்போது அதன் உயர் வெளியீடு சாதாரணமாக 3.3 வோல்ட்டளவில் நின்றுவிடும். 74HC74 அதே 5 வோல்ட்டில் 3.5 வோல்ட்டையாவது உயர்நிலையாக எதிர்பார்க்கிறது. பெரும்பாலான வேளைகளில் அது வேலை செய்யும், ஆனால் செய்யும் என்ற உறுதி இல்லை. 7555இன் வெளியீடு கிட்டத்தட்ட முழு 5 வோல்ட்டுக்கும் ஏறும். அந்த வெளியீட்டை 3ஆம் காலுக்கும் 11ஆம் காலுக்கும் சேர்த்தே கொடுங்கள். அதிலும் ஒரு எல்.ஈ.டி.யைத் தடையியுடன் போட்டால் குளொக் தாழ்நிலையிலிருந்து உயர்நிலைக்கு எப்போது ஏறுகிறது என்பது தெரியும்.

மின்சாரம் கொடுத்தவுடன் விளக்குகள் எந்த நிலையிலும் தொடங்கலாம். ஆளியைத் தொடாமல் இரண்டு குளொக் ஏற்றங்கள் கடக்கும்வரை காத்திருந்தால் இரண்டும் அணைந்துவிடும். பரிசோதனையை அங்கிருந்து தொடங்கலாம்.

“மின்சாரம் இவ்வளவு வேகமாய்ப் போகுதே, ஒரே ஏற்றத்தில் இரண்டையும் ஏன் கடக்கவில்லை?”

முழு விடயமும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. ஆளியை அழுத்திப் பிடித்துக்கொண்டு பார்த்தால், அடுத்த குளொக் ஏற்றத்தில் Q1 எரிகிறது; Q2 அசையாமல் இருக்கிறது. அதற்கடுத்த ஏற்றத்திலேயே Q2 எரிகிறது. Q1இலிருந்து 12ஆம் காலுக்குப் போகும் வயரின் நீளம் ஒரு விரலளவு கூட இல்லை. அந்தத் தூரத்தைச் சமிக்ஞை ஒரு நனோ செக்கனுக்குள் கடந்துவிடுகிறது. அப்படியிருந்தும் இரண்டாவது ஃபிளிப்-ஃபிளொப் ஒரு முழுச் செக்கன் பிந்தியே அதை ஏற்றுக்கொள்கிறது. ஆகவே தாமதம் வயரில் உண்டாகவில்லை.

ஒரு டி ஃபிளிப்-ஃபிளொப்புக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பூட்டுகள் இருக்கின்றன. முன்பூட்டு குளொக் தாழ்ந்திருக்கும்போது திறந்திருந்து, D காலில் உள்ளதை உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். பின்பூட்டு அந்நேரம் மூடியிருந்து, பழைய பெறுமானத்தை Q காலில் பிடித்து வைத்திருக்கும். குளொக் ஏறும் கணத்தில் இவை இடம் மாறுகின்றன: முன்பூட்டு மூடி, அதுவரை பார்த்ததைப் பிடித்துக்கொள்கிறது, பின்பூட்டு திறந்து, அந்தப் பிடிபட்ட பெறுமானத்தை Q காலுக்கு வெளியே விடுகிறது. இரண்டும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம் இல்லாதபடியே இந்த உறுப்பு வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

இப்போது இரண்டு ஃபிளிப்-ஃபிளொப்புகளையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே குளொக் ஏற்றம் இரண்டுக்கும் ஒரே வேளையில் வருகிறது. முதலாவதின் பின்பூட்டு திறந்து புதிய பெறுமானத்தை Q1க்கு அனுப்பத் தொடங்கும் அதே கணத்தில், இரண்டாவதின் முன்பூட்டு மூடிக்கொள்கிறது. புதிய பெறுமானம் Q1இல் தோன்றுவதற்கு, 5 வோல்ட்டில் இயங்கும் 74HC74இல், சாதாரணமாக 15 நனோ செக்கனளவு எடுக்கிறது. இரண்டாவதின் முன்பூட்டு மூடியபின் அதன் உள்ளீடு மாறாமல் இருக்க வேண்டிய நேரமோ, தயாரிப்பாளரைப் பொறுத்து, பூச்சியத்திலிருந்து 3 நனோ செக்கன் வரையில்தான். அதாவது, புதியது வந்து சேரும்போது கதவு மூடி வெகுநேரமாகிவிட்டது. இரண்டாவது ஃபிளிப்-ஃபிளொப் பிடித்துக்கொண்டது Q1இன் பழைய பெறுமானத்தை. புதியதை அது பார்க்க வேண்டுமாயின் அதன் முன்பூட்டு மறுபடியும் திறந்து, இன்னொரு ஏற்றத்தில் மூட வேண்டும்.

நெல் களஞ்சியத்தில் வரிசையாக நின்று மூட்டை கைமாற்றுபவர்களை நினைத்துப் பார்க்கலாம். ஒரு குரல் கேட்டதும் ஒவ்வொருவரும் தமக்கு முன்னால் நிற்பவரின் கையில் அந்நேரம் இருப்பதை வாங்குகிறார்கள். எல்லோரும் ஒன்றாக வாங்குவதால், ஒரு குரலுக்கு ஒரு மூட்டை ஓராளைத்தான் கடக்கும்.

“நான் அழுத்தி ஒரு செக்கனும் கொஞ்சமும்தானே ஆனது, இரண்டு சுற்று எங்கே?”

கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஆளியை அழுத்திய தம்பி இப்படிக் கேட்டபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஏனெனில் “இரண்டு சுற்றுத் தாமதம்” என்று பாடமாக்கியவர்கள் பெரும்பாலும் எங்கிருந்து எண்ணத் தொடங்க வேண்டும் என்று யோசிப்பதில்லை.

குளொக் 1, 2, 3, 4ஆம் செக்கன்களில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளி 1.3ஆம் செக்கனில் அழுத்தப்பட்டுத் தொடர்ந்து பிடிக்கப்படுகிறது.

| குளொக் ஏற்றம் | ஏற்றத்துக்குச் சற்று முன் D | ஏற்றத்துக்குச் சற்று முன் Q1 | ஏற்றத்துக்குப் பின் Q1 | ஏற்றத்துக்குப் பின் Q2 |
|---|---|---|---|---|
| 1ஆம் செக்கன் | 0 | 0 | 0 | 0 |
| 2ஆம் செக்கன் | 1 | 0 | 1 | 0 |
| 3ஆம் செக்கன் | 1 | 1 | 1 | 1 |

ஒவ்வொரு வரிசையிலும் “சற்று முன்” என்ற நிரல்களை முதலில் நிரப்பி, அவற்றைப் பார்த்தே “பின்” என்ற நிரல்களை நிரப்ப வேண்டும். Q1இன் புதிய பெறுமானத்தை எழுதிவிட்டு, அதைப் பார்த்து Q2ஐ எழுதினால், வரிசை முழுவதும் பிழைத்துவிடும். வேலை பழகுபவர்கள் இந்த அட்டவணையைத் தம் கையால் ஒரு தடவையாவது எழுதிப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இங்கே அழுத்தியது 1.3இல், Q2 எரிந்தது 3இல், தாமதம் 1.7 செக்கன். 1.9இல் அழுத்தியிருந்தால் 1.1 செக்கனாக இருந்திருக்கும், 1.05இல் அழுத்தியிருந்தால் 1.95 செக்கன். ஆகவே குளொக்குடன் தொடர்பில்லாமல் தன்பாட்டில் மாறும் ஒரு சமிக்ஞைக்கு, தாமதம் ஒரு சுற்றுக்கும் இரண்டு சுற்றுக்கும் இடையில் எங்கும் விழலாம். உறுதியாகச் சொல்லக்கூடியது, மாற்றத்துக்குப் பின்வரும் இரண்டாவது ஏற்றத்தில் Q2 மாறும் என்பதே.

முழுதாக இரண்டு சுற்று என்ற கணக்கு எங்கே பொருந்துமென்றால், D காலுக்கு வரும் சமிக்ஞையும் அதே குளொக்கில் இயங்கும் இன்னொரு ஃபிளிப்-ஃபிளொப்பிலிருந்து வரும் இடத்திலேதான். அந்தச் சமிக்ஞை ஒரு ஏற்றம் முடிந்து 15 நனோ செக்கனில் மாறுகிறது. அந்த ஏற்றத்தை அது தவறவிட்டுவிட்டது. அடுத்த ஏற்றத்தில் Q1, அதற்கடுத்ததில் Q2. மூலச் சமிக்ஞையையும் Q2ஐயும் ஒஸிலோஸ்கோப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் இரண்டுக்கும் இடையில் சரியாக இரண்டு சுற்றுகள் தெரியும்.

இதிலிருந்து இன்னொன்றும் பின்தொடர்கிறது. ஆளியை 1.3இல் அழுத்தி 1.8இல் விட்டுவிட்டால் எந்த விளக்கும் எரியாது. இரண்டு ஏற்றங்களுக்கு நடுவே வந்து மறைந்த துடிப்பை முதலாவது ஃபிளிப்-ஃபிளொப் கண்டதே இல்லை. சமிக்ஞை ஒரு சுற்றைவிடச் சற்றேனும் கூடுதலாக நீடித்தால்தான் அது நிச்சயம் பிடிபடும்.

“ஒரே ஏற்றத்தில் இரண்டையும் கடக்க வைக்க முடியுமா?”

முடியும், அதைச் செய்து பார்ப்பதே மேலே சொன்ன காரணத்துக்கு மிகச் சிறந்த சான்று. 11ஆம் காலுக்குப் போகும் குளொக் வயரைக் கழற்றி, அந்த இடத்தில் 1 கிலோ ஓம் தடையி ஒன்றைப் போடவும். 11ஆம் காலிலிருந்து நிலத்துக்கு 100 பிகோ பரட் கொள்ளளவி ஒன்றை வைக்கவும். வேறெதையும் தொட வேண்டாம். இப்போது ஆளியை அழுத்திப் பிடித்தால், அடுத்த ஏற்றத்தில் இரண்டு விளக்குகளும் ஒன்றாக எரியும். ஒரு சுற்றுத் தாமதம் முழுதாக மறைந்துவிட்டது.

கணக்கு இப்படி. தடையியும் கொள்ளளவியும் சேர்ந்த நேர மாறிலி 100 நனோ செக்கன். குளொக் பாதி வோல்ட்டளவுக்கு ஏற அதில் 0.69 பங்கு, அதாவது 70 நனோ செக்கனளவு எடுக்கும். முதலாவது தன் வெளியீட்டை 15 நனோ செக்கனளவில் மாற்றிவிடுகிறது. இரண்டாவதின் முன்பூட்டோ இன்னும் திறந்தே இருக்கிறது. அது மூடும்போது Q1இல் புதிய பெறுமானம் ஐம்பதுக்கும் மேற்பட்ட நனோ செக்கன்களாக நிலைபெற்று நிற்கிறது. ஆகவே அதையே பிடித்துக்கொள்கிறது. மூட்டை வரிசையில் இரண்டாமவருக்கு மட்டும் குரல் பிந்திக் கேட்டால் நடப்பதும் இதுவே. ஒரு செக்கன் நீளமான சுற்றை வெறும் 70 நனோ செக்கன் பிசகு விழுங்கிவிட்டது. குளொக்கை எவ்வளவு மெதுவாக்கினாலும் இந்தப் பிழை தீராது என்பதைக் கவனிக்க வேண்டும். சுற்றின் நீளத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

அடுத்து, தடையியையும் கொள்ளளவியையும் 11ஆம் காலிலிருந்து எடுத்து 3ஆம் காலுக்கு மாற்றிப் பாருங்கள். இம்முறை முதலாவதே பிந்துகிறது. விளக்குகள் மறுபடியும் ஒன்றன்பின் ஒன்றாக எரியும். இரண்டாவது முதலில் மூடிவிடுவதால் அது பழையதைப் பிடிப்பது இன்னும் உறுதியாகிறது. குளொக் தடத்தைச் சமிக்ஞை போகும் திசைக்கு எதிராக, இறுதி ஃபிளிப்-ஃபிளொப்பிலிருந்து முதலாவதை நோக்கி ஓடவிடும் பழைய வழக்கத்துக்கு இதுவே காரணம். அதற்கும் எல்லை உண்டு: குளொக் மிக வேகமாக இருந்தால், முதலாவது பிந்தும் அளவு, அடுத்த ஏற்றத்துக்கு முன்னர் Q1 நிலைபெற வேண்டிய நேரத்திலிருந்து கழிந்துவிடும்.

“அப்படியென்றால் வேண்டுமென்றே ஏன் இரண்டு சுற்றை இழக்கிறார்கள்?”

இப்போதுதான் அவருடைய முதற் கேள்விக்கு வருகிறோம். ஆலையின் சென்சர் குளொக்கைக் கேட்டு மாறுவதில்லை. என்றாவது ஒரு நாள், முன்பூட்டு மூடும் அதே கணத்தில் சமிக்ஞை மாறும். அப்போது முதலாவது ஃபிளிப்-ஃபிளொப் 0க்கும் 1க்கும் நடுவே சிறிது நேரம் தத்தளிக்கலாம். எவ்வளவு நேரம் என்பதற்குத் திட்டமான உச்ச எல்லை கிடையாது; ஆனால் காத்திருக்கக் காத்திருக்க, அது இன்னும் தீராமல் இருக்கும் வாய்ப்பு மிக வேகமாகக் குறைகிறது. ஒரு ஃபிளிப்-ஃபிளொப்போடு நிற்பாட்டினால், அந்தத் தத்தளிப்பு நேரே பலகையின் பல பகுதிகளுக்கும் போய், ஒரு பகுதி அதை 0 என்றும் இன்னொரு பகுதி 1 என்றும் எடுத்துக்கொள்ளும். இரண்டாவது இருந்தால், அது Q1ஐப் பார்ப்பதற்கு முன்னர் ஒரு முழுச் சுற்றுக் காத்திருக்கிறது. 1 மெகா ஹேர்ட்ஸ் குளொக்கில் அது 1000 நனோ செக்கன். சில நனோ செக்கன்களில் தீரும் சச்சரவுக்கு அது தாராளமான அவகாசம்.

தீர்ந்தபின் Q1 0இல் விழுமா 1இல் விழுமா என்பதை யாரும் சொல்ல முடியாது. 0இல் விழுந்தால் அந்த ஏற்றம் தவறியதாகக் கொள்ள வேண்டும். Q2 ஒரு சுற்றுப் பிந்தி மாறும். நெல் பாயும் வேகத்தைக் கண்காணிக்கும் சென்சருக்கு இரண்டு மைக்ரோ செக்கனோ மூன்றோ ஒரு பொருட்டல்ல. ஆனால் எட்டு வயர்களில் வரும் ஒரு எண்ணை இப்படி எட்டுச் சோடிகளால் பிடிக்க முயலக் கூடாது. சில வயர்கள் ஒரு சுற்று முந்தியும் சில பிந்தியும் வந்து, எங்கும் இல்லாத ஓர் எண்ணை உண்டாக்கும்.

“வெரிலொக்கில் எழுதினால் ஒரு சுற்றுத்தான் வருகிறதே?”

சில வாரங்களின் பின் தம்பி கணினியில், சுற்றுகளை விவரிக்கும் வெரிலொக் மொழியில், இதையே எழுதிப் பார்த்தபோது எழுந்த கேள்வி இது. சரியான வடிவம்:

```verilog
always @(posedge clk) begin
  q1 <= d;
  q2 <= q1;
end
```

`<=` என்ற குறி, வலப்பக்கங்கள் எல்லாவற்றையும் முதலில் பழைய பெறுமானத்தில் பார்த்துவிட்டு, பிறகே இடப்பக்கங்களை மாற்றுகிறது. அட்டவணையில் “சற்று முன்” நிரல்களை முதலில் நிரப்பியதும் இதே ஒழுங்குதான். அவர் இரண்டு வரிகளிலும் `=` என்று எழுதியிருந்தார். அந்தக் குறியில் `q1` உடனே மாறி, அடுத்த வரி புதிய `q1`ஐ எடுத்துக்கொள்கிறது. 11ஆம் காலில் தடையியைப் போட்டபோது கண்ட நடத்தையே அங்கும் தோன்றும். இரண்டும் ஒரே பெறுமானத்தை வைத்திருப்பதால் சுற்றிலும் ஒரு ஃபிளிப்-ஃபிளொப்பே மிஞ்சக்கூடும்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். சோதனை நிரலில் `d`ஐக் குளொக் ஏறும் அதே கணத்தில் `=` கொண்டு மாற்றினால், `q1` பழையதைப் பார்க்குமா புதியதைப் பார்க்குமா என்பது நிரல் ஓடும் வரிசையைப் பொறுத்ததாகிவிடும். `d`ஐக் குளொக் இறங்கும் விளிம்பில் மாற்றுங்கள், அல்லது அங்கேயும் `<=` பயன்படுத்துங்கள். இறங்கும் விளிம்பில் மாற்றினால் `d`இலிருந்து `q2` வரை ஒன்றரைச் சுற்றுத் தெரியும். அது பிழையல்ல, மேலே 1.3ஆம் செக்கனில் அழுத்தியதற்கு நாம் போட்ட அதே கணக்கு.

திருத்த வந்த பலகையில் இதைச் சோதித்தல்

ஒஸிலோஸ்கோப்பின் ஒரு முனையை 5ஆம் காலிலும் மற்றதை 9ஆம் காலிலும் வைத்து, 5ஆம் கால் ஏறும்போது திரை பிடிக்கும்படி அமைக்கவும். நல்ல நிலையிலுள்ள சோடியில் 9ஆம் கால் சரியாக ஒரு குளொக் சுற்றுப் பின்னால் ஏறும். சென்சரிலிருந்து 5ஆம் காலுக்குள்ள இடைவெளி தடவைக்குத் தடவை மாறுவது இயல்பு. 5க்கும் 9க்கும் இடையிலுள்ளது மாறக் கூடாது. அவை இரண்டும் சில பத்து நனோ செக்கன் இடைவெளியில் ஒன்றாக ஏறுமாயின், ஐ.சி.யை மாற்ற முன்னர் 3ஆம் காலையும் 11ஆம் காலையும் பாருங்கள். 11இல் குளொக் பிந்தியோ சாய்வாகவோ ஏறினால், அறுந்த தடத்துக்குப் பதிலாக யாரோ ஒட்டிய நீண்ட வயரோ, ஈயப் பற்றுச் சரியில்லாத காலோ அங்கே இருக்கலாம். 5 மாறி 9 மாறவே இல்லையென்றால் முதலில் 10, 13ஆம் கால்களின் வோல்ட்டளவை அளந்து, இரண்டும் உயர்ந்து நிற்கின்றனவா என்று உறுதிப்படுத்திய பின்னரே ஐ.சி.யைச் சந்தேகிக்க வேண்டும்.